டில்ட் டேபிள் சோதனை: முதலில் விழுவது பிரஷரா, நாடியா?

காரணம் தெரியாமல் மயங்கி விழுந்த ஒருவருக்கு ஈசிஜி, எக்கோ இரண்டும் சரியாக இருக்கின்றன. மருத்துவர், ஆளை ஒரு மேசையில் கட்டி நிமிர்த்திப் பார்க்கும் டில்ட் டேபிள் சோதனைக்கு எழுதித் தருகிறார். முடிவில் கையில் கிடைக்கும் தாளில் ‘பாசிட்டிவ், வாசோவேகல், மிக்ஸ்டு டைப்’ என்று ஒரு வரி இருக்கிறது. பாசிட்டிவ் என்றால் வியாதி இருக்கிறதா? மிக்ஸ்டு என்றால் எதோடு எது கலந்தது? குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சோதனை ‘மயக்கம் வருமா, வராதா’ என்று மட்டும் பார்ப்பதில்லை. மயக்கம் வரும் வழியில் பிரஷரும் நாடித்துடிப்பும் எந்த வரிசையில், எந்த வேகத்தில் மாறின என்பதே இதில் முக்கியம். அது புரிய, நிற்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## நிற்பது ஒரு வேலை

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும், அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிறு, தொடை, கால்களின் சிரைகளுக்கு இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அந்த அளவுக்குக் குறைகிறது. திரும்பி வருவது குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போவதும் குறையும். இதை அப்படியே விட்டால் நின்ற சிறிது நேரத்தில் எல்லோரும் விழுந்துவிடுவோம்.

விழாமல் இருப்பதற்குக் காரணம், கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள். அழுத்தம் சற்று இறங்கியதுமே இவை மூளையின் அடிப்பகுதிக்குத் தகவல் அனுப்புகின்றன. அங்கிருந்து இரண்டு உத்தரவுகள் கிளம்புகின்றன. ரத்தக்குழாய்களுக்கு ‘இறுகு’, இதயத்துக்கு ‘வேகமாகத் துடி’.

அதனால் ஆரோக்கியமான ஒருவர் நிற்கும்போது நாடி நிமிடத்துக்கு 10 முதல் 15 துடிப்பு கூடும். பிரஷரின் மேல் எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கீழ் எண் 5 முதல் 10 வரை ஏறும். கீழ் எண் ஏறுவதுதான் குழாய்கள் இறுகியதற்கு அடையாளம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லா வகைகளும் இதிலிருந்து விலகுபவைதான்.

இதயத்தைவிட மூளை உயரத்தில் இருப்பது இன்னொரு சிக்கல். நிமிர்ந்து நிற்பவரின் தலைக்குப் போய்ச் சேரும் அழுத்தம், இதய மட்டத்தில் இருப்பதைவிட 20 முதல் 25 வரை குறைவு. அதனால் கையில் எடுத்த மேல் எண் 55 என்றால் மூளைக்குக் கிடைப்பது சுமார் 30தான். மூளைக்கு ரத்தம் நின்றுபோனால் 6 முதல் 8 விநாடிகளில் நினைவு தப்பிவிடும்.

## மேசை எதற்கு? சும்மா நிற்க வைத்தால் போதாதா?

நிற்கும்போது நம்மை அறியாமலே கால் மாற்றி நிற்கிறோம், கெண்டைக்கால் தசைகளை இறுக்குகிறோம். ஒவ்வொரு இறுக்கமும் கீழே தேங்கிய ரத்தத்தை மேலே பிழிந்துவிடுகிறது. மேசையின் வேலை இந்த உதவியைப் பறிப்பது. நோயாளியைப் படுக்க வைத்துப் பட்டைகளால் கட்டி, பாதங்களை ஒரு பலகையில் ஊன்றச் செய்து, மேசையோடு சேர்த்து நிமிர்த்துகிறார்கள். உடம்பு நிற்கும், ஆனால் கால் தசைகள் பெரிய வேலை எதுவும் செய்யாது.

சாய்வு 60 முதல் 70 டிகிரி. முழுதாக 90 டிகிரிக்கு நிமிர்த்த வேண்டியதில்லை. கணக்குப் போட்டால் 60 டிகிரியிலேயே புவியீர்ப்பின் 87 சதவீதம் உடம்பின் நீளவாக்கில் இழுக்கும். 70 டிகிரியில் 94 சதவீதம். அதற்கு மேல் செங்குத்தாகப் போனால் கூடுதல் இழுவை கொஞ்சம்தான் கிடைக்கும்.

காரணம் தெரியாத மயக்கத்துக்கு இந்த முறையைப் பயன்படுத்தலாம் என்று 1986இல் லண்டன் மருத்துவர்கள் ‘தி லான்செட்’ இதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் இது மருத்துவமனைகளில் பரவியது. அதற்கு முன் விண்வெளி, விமானப்படை ஆய்வுகளில் மேசை பயன்பட்டு வந்தது.

## சோதனை நடக்கும் விதம்

1. சோதனைக்கு முன் 2 முதல் 4 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். வெளிச்சம் மங்கிய, சத்தமில்லாத அறை. ஈசிஜி ஒயர்கள் நெஞ்சில் ஒட்டப்படும். விரலில் ஒரு சிறிய பட்டை மாட்டி, ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷரைத் தொடர்ந்து பதிவு செய்வார்கள்.

2. குறைந்தது 5 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஐவி ஊசி போட்டிருந்தால் 20 நிமிடம் வரை ஆகும், ஏனென்றால் ஊசி குத்திய பயமே கணக்கைக் கெடுத்துவிடும்.

3. மேசை நிமிர்த்தப்படும். மருந்து எதுவும் இல்லாமல் 20 நிமிடம் நிற்க வேண்டும். சில இடங்களில் 45 நிமிடம் வரை நீட்டுவதுண்டு.

4. ஒன்றும் நடக்கவில்லை என்றால், நிமிர்ந்த நிலையிலேயே நாக்கின் அடியில் 300 அல்லது 400 மைக்ரோகிராம் நைட்ரோகிளிசரின் கொடுத்துவிட்டு இன்னும் 15 அல்லது 20 நிமிடம் பார்ப்பார்கள். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். சிரைகளைத் தளர்த்தி, கீழே தேங்கும் ரத்தத்தை இன்னும் கூட்டுகிறது. சில இடங்களில் இதற்குப் பதிலாக ஐசோபுரோட்டெரினால் என்ற மருந்தைச் சிரை வழியே ஏற்றுவார்கள்.

5. நினைவு தப்பியதும் மேசையை உடனே தாழ்த்துவார்கள். படுத்ததும் ரத்தம் திரும்பிவிடும், பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் ஆள் தெளிந்துவிடுவார்.

விரல் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். மேல்கையில் கட்டி ஊதும் சாதாரணக் கருவி ஒரு அளவு எடுக்க அரை நிமிடம் ஆகும். மயக்கத்துக்கு முந்தைய சரிவே சில சமயம் அதைவிடக் குறைவான நேரத்தில் முடிந்துவிடும். கை பட்டையை மட்டும் நம்பினால், எது முதலில் விழுந்தது என்ற கேள்விக்கே பதில் கிடைக்காமல் போகும்.

## ஒரு பதிவைப் படித்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு 27 வயதுப் பெண் ஒருவர். நீண்ட நேரம் நின்றிருந்தபோது இருமுறை விழுந்திருக்கிறார். இரண்டு முறையும் முதலில் குமட்டல், வியர்வை, காதடைப்பு. அப்புறம் கண்ணில் இருட்டு. எக்கோ சரி. ஈசிஜி சரி.

படுத்திருக்கும்போது பிரஷர் 112/68, நாடி 64. மேசை நிமிர்ந்த முதல் நிமிடத்தில் 110/74, நாடி 76. கீழ் எண் 6 ஏறியிருக்கிறது, நாடி 12 கூடியிருக்கிறது. உணரிகளும் குழாய்களும் வேலை செய்கின்றன, பிசகு எதுவும் இல்லை. 20ஆவது நிமிடத்தில் 108/74, நாடி 84. இதுவரை சோதனை நெகட்டிவ்.

நைட்ரோகிளிசரின் கொடுத்து 4 நிமிடம் கழித்து 102/70, நாடி 104. பிரஷர் இறங்காமல் தாங்குவதற்கு இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது. 6ஆவது நிமிடத்தில் கொட்டாவி விடுகிறார், முகம் வெளுக்கிறது, ‘அன்னைக்கு வந்த மாதிரியே இருக்கு’ என்கிறார். பிரஷர் 92/62, நாடி 108.

திருப்பம் இங்கேதான். அடுத்த ஒரு நிமிடத்தில் பிரஷர் 74/46க்கு வந்துவிட்டது. நாடி இன்னும் ஏற வேண்டிய நேரத்தில் 88க்கு இறங்குகிறது. குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்த நரம்புகள் பிடியை விட்டுவிட்டன. அதோடு, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு முழு வேகத்தில் வேலையில் இறங்கியிருக்கிறது. அரை நிமிடத்தில் 55/32, நாடி 46. கண்கள் திறந்தபடியே நினைவு தப்புகிறது, கைகள் இரண்டு தடவை வெட்டி இழுக்கின்றன. மேசை தாழ்கிறது. நாடி 44 வரை போய்த் திரும்புகிறது. 20 விநாடியில் விழித்துப் பார்க்கிறார்.

அந்த வெட்டி இழுப்பு வலிப்பு நோய் இல்லை. ரத்தம் போதாத மூளை அப்படித்தான் எதிர்வினை காட்டும். முன்பு வெளியே விழுந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் ‘வலிப்பு வந்தது’ என்று சொல்லியிருந்தால், அதற்கு விளக்கமும் இந்தப் பதிவிலேயே கிடைத்துவிடுகிறது.

இந்தப் பெண்ணின் தாளில்தான் ‘மிக்ஸ்டு’ என்று வரும்.

## மூன்று வகை, ஒரே மயக்கம்

இப்படி வரும் மயக்கம்தான் வாசோவேகல். இதில் குழாய் தளர்வதும் நாடி விழுவதும் ஆளுக்கு ஆள் வெவ்வேறு விகிதத்தில் கலக்கின்றன. அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

1. மிக்ஸ்டு, அதாவது கலப்பு வகை. மயங்கும்போது நாடி தெளிவாக இறங்கும், ஆனால் 40க்குக் கீழே போகாது. போனாலும் 10 விநாடிக்குள் மீண்டுவிடும். முதலில் விழுவது பிரஷர்தான். மேலே பார்த்த பெண்ணின் நாடி 108இலிருந்து 44 வரை வந்ததால் அவர் இதில் சேர்கிறார்.

2. கார்டியோஇன்ஹிபிட்டரி, இதயம் அடக்கப்படும் வகை. இதில் இரண்டு உட்பிரிவுகள். நாடி 40க்குக் கீழே 10 விநாடிக்கு மேல் நீடித்து, ஆனால் இதயம் 3 விநாடிக்கு மேல் நிற்காவிட்டால் 2ஏ. அங்கேயும் பிரஷரே முதலில் விழும். 3 விநாடிக்கு மேல் துடிப்பே இல்லாமல் போனால் 2பி. அதில் நாடி பிரஷருக்கு முன்னாலோ, அதோடு சேர்ந்தோ விழுந்துவிடும்.

3. வாசோடிப்ரஸர், குழாய் தளரும் வகை. பிரஷர் சரிகிறது, நாடியோ உச்சத்திலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. இதயம் கடைசி வரை போராடியும் குழாய்கள் கைவிட்டுவிட்டன என்று பொருள்.

இந்தப் பிரிவினை வெறும் பெயர் சூட்டல் இல்லை, பேஸ்மேக்கர் பேச்சு வரும்போது அதன் மதிப்பு தெரியும். பேஸ்மேக்கர் நாடியை மட்டும்தான் தாங்கிப் பிடிக்கும், தளர்ந்த குழாயை அதனால் இறுக்க முடியாது. வாசோடிப்ரஸர் வகைக்காரருக்கு அதைப் பொருத்தினால், நாடி 70இல் கச்சிதமாக ஓட, அவர் அப்படியே மயங்கி விழுவார். இதயம் நெடுநேரம் நின்று, மயக்கம் அடிக்கடி வந்து, வயது 40ஐத் தாண்டியவர்களிடம்தான் அந்தப் பேச்சுக்கே இடம் உண்டு. 20 வயதுக்காரருக்கு மேசையில் 5 விநாடி இதயம் நின்றது என்பதற்காக மட்டும் யாரும் பேஸ்மேக்கருக்கு ஓட வேண்டியதில்லை.

## வாசோவேகல் இல்லாத வரைபடங்கள்

மேசை வேறு சில கோளாறுகளையும் காட்டிக்கொடுக்கும். அவற்றின் கோடுகள் மேலே பார்த்ததிலிருந்து வெகுவாக மாறுபடும்.

நிமிர்ந்த 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது நிலைமாற்றத் தாழ் ரத்த அழுத்தம். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள 68 வயதுக்காரர் ஒருவர், படுத்திருக்கும்போது 150/80, நாடி 72 என்று வைத்துக்கொள்வோம். 3ஆவது நிமிடத்தில் 104/62, நாடி 77. மேல் எண் 46 விழுந்திருக்கிறது, நாடி ஏறியதோ வெறும் 5. அத்தனை பெரிய சரிவுக்கு ஆரோக்கியமான நரம்புகள் இருந்தால் நாடி எகிறியிருக்கும். நாடி ஏறிய அளவைப் பிரஷர் இறங்கிய அளவால் வகுத்தால் இவருக்கு 0.1தான் வருகிறது, 0.5க்குக் கீழே வந்தாலே நரம்புக் கோளாறைச் சந்தேகிப்பார்கள். இதே ஆள் ரத்தம் இழந்தோ, உடம்பில் நீர் வற்றியோ இருந்திருந்தால் பிரஷர் இறங்கும்போது நாடி நன்றாக ஏறியிருக்கும். வாசோவேகலில் முதலில் எல்லாம் சரியாக இருந்து, பிறகு திடீரென்று கவிழும். இவருக்கு நிமிர்ந்த முதல் நிமிடத்திலிருந்தே கோடு சரிவாக இறங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது போட்ஸ் என்ற கோளாறு. இதில் பிரஷர் விழாது, நாடிதான் ஏறும். 10 நிமிடத்துக்குள் 30 துடிப்போ அதற்கு மேலோ கூட வேண்டும். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அந்த அளவு 40. படுத்திருக்கும்போது 70ஆக இருந்தது நின்றதும் 112க்குப் போய் அங்கேயே நிற்கும். இவர்களுக்குப் படபடப்பு, தலைச்சுற்றல், நடுக்கம்தான் அதிகம். உண்மையான மயக்கம் குறைவு. மேசையில் எண் ஏறியது என்பது மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கையிலும் மாதக்கணக்கில் தொந்தரவு இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வகை கொஞ்சம் வித்தியாசமானது. ஆள் துவண்டு விழுகிறார், கூப்பிட்டால் பதில் இல்லை, ஆனால் பிரஷர் 120/80, நாடி 90. மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இதை மனம் சார்ந்த போலி மயக்கம் என்பார்கள். கண்கள் மூடியிருப்பது ஒரு துப்பு, ஏனென்றால் உண்மையான மயக்கத்தில் அவை பெரும்பாலும் திறந்தே இருக்கும். ‘நடிக்கிறார்’ என்று சொல்லிவிடுவது தவறு. அவர் அதைத் தெரிந்து செய்யவில்லை, அதற்கென்று தனிச் சிகிச்சையும் உண்டு. இந்த ஒரு வகையைப் பிரித்துக் காட்டுவதில் டில்ட் டேபிளுக்கு ஈடான சோதனை அதிகம் இல்லை.

## பாசிட்டிவை எவ்வளவு நம்பலாம்?

வாழ்நாளில் ஒருமுறைகூட மயங்காதவர்களை மேசையில் ஏற்றினாலும், ஏறக்குறைய பத்தில் ஒருவர் மயங்கிவிடுவார். அதோடு, இதயத் துடிப்பின் கோளாறால் விழுந்தவர்கள் என்று வேறு வழியில் உறுதியானவர்களிலும் கணிசமானோருக்கு மேசை பாசிட்டிவ் காட்டியிருக்கிறது. ஆகவே பாசிட்டிவ் என்பது ‘இவரது பிரஷர் சுலபமாகச் சரியக்கூடியது’ என்று மட்டும் சொல்கிறது. அன்று தெருவில் விழுந்ததற்கும் அதுவே காரணம் என்று அது தானாக நிரூபித்துவிடாது.

அந்த இணைப்பை உண்டாக்குவது நோயாளியின் வாய்வார்த்தை. மேலே அந்தப் பெண் ‘அன்னைக்கு வந்த மாதிரியே’ என்றாரே, என் பார்வையில் அந்தத் தாளில் இருக்கும் எந்த எண்ணைவிடவும் அது கனமானது. மாறாக ‘இது புதுசா இருக்கு, அன்னைக்கு ஒரு அறிகுறியும் இல்லாம பொத்துன்னு விழுந்தேன்’ என்று ஒருவர் சொன்னால், தாளில் பாசிட்டிவ் என்று அச்சிட்டிருந்தாலும் தேடலை நிறுத்தக் கூடாது. ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கியவர், விழுவதற்கு முன் நெஞ்சு படபடத்தவர், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் பார்த்தவர் ஆகியோருக்கு முதலில் இதயத்தைத்தான் ஆராய வேண்டும். இதய வால்வு மிகக் கடுமையாகச் சுருங்கியவர்களை மேசையில் ஏற்றுவதே ஆபத்து.

நெகட்டிவுக்கும் இதே எச்சரிக்கை. வாசோவேகல் உள்ளவருக்கு ஒரு நாள் வருவது இன்னொரு நாள் வராமல் போகும். ஒரே ஆளை இருமுறை ஏற்றினால் முடிவு மாறலாம், வகைகூட மாறலாம். மருந்து கேட்கிறதா என்று பார்க்க மேசையில் மீண்டும் ஏற்றுவது பயனில்லை என்று 2018இல் வந்த ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல்கள் சொல்வதும் இதனால்தான்.

மேசை தவறவிடும் ஒரு மயக்கமும் உண்டு. குந்தியிருந்தவர் சட்டென்று எழுந்ததும் முதல் 15 விநாடிக்குள் மேல் எண் 40க்கு மேல் சரிந்து, கண் இருட்டி, உடனே மீண்டுவிடும். தானாக எழும்போது தொடையும் வயிறும் சட்டென இறுகுவதுதான் அந்தச் சரிவுக்கு வித்து. மேசை ஆளைத் தூக்கி நிறுத்துகிறது, அவராக எழவில்லை, அதனால் அந்தச் சரிவும் வராது. அதைப் பிடிக்க வேண்டுமானால் விரலில் அதே பட்டையை மாட்டிக்கொண்டு அவரே எழுந்து நிற்க வேண்டும்.